அரிசிமாக் கோலத்தை மதிப்பிடுதல்: சமச்சீர், படைப்பாற்றல், செய்நேர்த்தி, வண்ணப் பயன்பாடு ஆகிய அளவுகோல்கள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மார்கழி, தை மாதங்களில் நடைபெறும் கோலப் போட்டிகளில் நடுவர்கள் பெரும்பாலும் சமச்சீர், படைப்பாற்றல், செய்நேர்த்தி, வண்ணப் பயன்பாடு என்னும் நான்கு அளவுகோல்களைக் கொண்டே மதிப்பெண் இடுகின்றனர். இந்நான்கும் எல்லா வகைக் கோலத்துக்கும் ஒரே வகையில் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. சிக்குக் கோலத்தின் சமச்சீர் தன்மையை நடுவர் தவறாகக் காண்பதற்கான காரணம், கோடு ஒன்றாக ஓடுவதற்கும் சமச்சீருக்கும் இடையிலான முரண், அரிசிமாவின் இயல்பு செய்நேர்த்தியின் மதிப்பீட்டைப் பாதிக்கும் விதம், வண்ணம் வடிவத்தின் சமச்சீரைக் குலைக்கும் விதம் ஆகியவை இங்கு எடுத்துக்காட்டுடன் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கோலம், சிக்குக் கோலம், இடுக்குப்புள்ளி, ஆடிச் சமச்சீர், சுழற்சிச் சமச்சீர், இழைக்கோலம், காவி.

முன்னுரை

‘கோலம்’ என்னும் சொல்லுக்கு அழகு, ஒப்பனை, வடிவம், வேடம் எனப் பல பொருள்கள் உள்ளன. தரையில் இடப்படும் வரைவைக் குறிப்பது அவற்றுள் ஒன்று. தரையைத் துலக்கி, மண்டலமிட்டு, நுண்மணல் கொண்டு தெருவை அணிசெய்யும் வழக்கத்தை ஆண்டாளின் நாச்சியார் திருமொழி முதற்பத்திலேயே குறிப்பிடுகிறது. அங்குப் பேசப்படும் பொருள் மணல். இன்று வாசலில் இடப்படுவது அரிசிமாவாகவோ வெள்ளைக்கல்லைப் பொடித்த கோலமாவாகவோ இருக்கிறது. பொருள் மாறினாலும் தரை துலக்கப்பட்ட பின்னரே வரைவு தொடங்குகிறது என்னும் ஒழுங்கு மாறவில்லை.

வாசற்கோலத்தை எவரும் மதிப்பெண் இட்டுப் பார்ப்பதில்லை. அது விடியலில் இடப்பட்டு, நடப்பவர் காலிலும் எறும்பின் வாயிலும் கரைந்து, மறுநாள் பெருக்கப்படுகிறது. போட்டி என்னும் களத்துக்குக் கோலம் வந்தபோதுதான் அதற்கு அளவுகோல்கள் தேவைப்பட்டன. நான்கு அளவுகோல்களுக்கும் தலா 25 மதிப்பெண் எனப் பகுத்த தாள் ஒன்றை நடுவர் கையில் கொடுப்பது எளிது. ஆனால் அத்தாள் தனக்கு முன்னிருக்கும் கோலத்தை அளப்பதோடு நில்லாமல், அடுத்த ஆண்டு எத்தகைய கோலம் இடப்படும் என்பதையும் முடிவு செய்கிறது. ஆய்வாளரின் பாட்டி ஒருமுறை, “வெள்ளையா போட்டா பரிசு கெடைக்காதுன்னு தெரிஞ்சப்புறம் சிக்குக் கோலத்த யாரு கத்துக்கறா?” என்று கேட்டார். இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

கோல வகைகளும் அவற்றின் இலக்கணமும்

ஒரு கோலத்தை மதிப்பிடுமுன் அது எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறிதல் இன்றியமையாதது. செய்யுளின் யாப்பை அறியாமல் அதில் தளை தட்டுகிறதா எனக் கூறவியலாதது போன்றதே இதுவும்.

புள்ளிக் கோலங்களில் புள்ளிகள் இருவகையாக வைக்கப்படுகின்றன. ஒரு வரிசையின் புள்ளிக்கு நேர்கீழே அடுத்த வரிசையின் புள்ளி அமைந்தால் அது நேர்ப்புள்ளி. இரு புள்ளிகளுக்கு இடையிலான சந்துக்கு நேரே அடுத்த வரிசையின் புள்ளி அமைந்தால் அது இடுக்குப்புள்ளி. சந்துப்புள்ளி, ஊடுபுள்ளி என்றும் வழங்கும். நேர்ப்புள்ளியின் இயல்பான அமைப்பு சதுரம்; ஆதலால் அதன் வடிவம் நான்கு பக்கமும் ஒத்து வர இடம் தருகிறது. இடுக்குப்புள்ளியின் இயல்பான அமைப்பு அறுகோணம். ‘15 புள்ளி, 8 வரை இடுக்கு’ என்று கோலக் குறிப்பேடுகளில் காணப்படும் அமைப்பை எடுத்துக்கொண்டால், நடுவரிசையில் 15 புள்ளிகளும், மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசி வரிசைகளில் 8 புள்ளிகளும் அமைகின்றன. மொத்தம் 169 புள்ளிகள். இதன் ஆறு பக்கங்களிலும் எட்டெட்டுப் புள்ளிகளே இருக்கும். எனவே இதில் எழும் பூ ஆறிதழாகவோ மூவிதழாகவோ அமைவது இயல்பு.

புள்ளிகளை இணைத்து வரைவது ஒரு முறை. புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கோட்டால் வரைவது மற்றொரு முறை. பின்னதே சிக்குக் கோலம்; நெளிக்கோலம், கம்பிக்கோலம் என்பன அதன் பிற பெயர்கள். இதற்கு எழுதப்படாத மூன்று விதிகள் உள்ளன. கோடு புள்ளியைத் தொடக் கூடாது. எந்தப் புள்ளியும் கோட்டுக்கு வெளியே விடுபடக் கூடாது. கோட்டுக்குத் திறந்த முனை இருக்கக் கூடாது. ஒரே கோட்டில் முடிதல் சிறப்பாகக் கருதப்படினும் அது கட்டாய விதியன்று. பல கோடுகள் பின்னிய சிக்குக் கோலங்களும் மரபில் ஏராளம்.

இவை தவிர, அரைத்த ஈரமாவால் இடும் இழைக்கோலம், புள்ளியின்றிக் கையால் வரையும் பொங்கற்பானை, மயில், தேர் முதலிய உருவக் கோலங்கள் ஆகியவையும் போட்டிக்கு வருகின்றன. ஒரே தாளில் இவையனைத்தும் அளக்கப்படும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

சமச்சீர்: மடிப்பும் சுழற்சியும்

சமச்சீர் என்றதும் நடுவர் மனத்தில் தோன்றுவது மடித்துப் பார்த்தல். கோலத்தின் நடுவே ஒரு கோட்டைக் கற்பனை செய்து, இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் தோன்றுவது போல் ஒத்துள்ளனவா எனக் காண்பர். இதனை ஆடிச் சமச்சீர் எனலாம். பூக்கோலங்களுக்கும் உருவக் கோலங்களுக்கும் இச்சோதனை பொருந்தும். சிக்குக் கோலத்துக்கு இது மட்டும் போதாது. சிக்குக் கோலங்கள் பலவற்றில் மடிப்பு ஒத்துவராது. ஆனால் கோலத்தைக் கால்வட்டம் திருப்பினால் அதே கோலமே தோன்றும். இது சுழற்சிச் சமச்சீர். காற்றாடியின் நான்கு இறகுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதை இதற்கு ஒப்பிடலாம். காற்றாடியை மடித்தால் இறகுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தா, சுழற்றினால் பொருந்தும்.

இவ்வியல்பு தற்செயலானதன்று. கோட்டை ஒன்றாக ஓடச் செய்யும் முயற்சியிலேயே அது பிறக்கிறது. இதனை மிகச் சிறிய கோலத்திலிருந்து காணலாம்.

இரண்டுக்கு இரண்டாக நான்கு நேர்ப்புள்ளிகளை வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே நான்கு இடைவெளிகள் உள்ளன. நான்கிலும் கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்லுமாறு வரைந்தால் கிடைப்பது ஒரு கோடன்று, இரண்டு. ஒன்று மேல் இடப்புள்ளியையும் கீழ் வலப்புள்ளியையும் அணைத்துச் செல்லும். மற்றொன்று எஞ்சிய இரு புள்ளிகளையும் அணைத்துச் செல்லும். ஓர் இடைவெளியில் மட்டும் வெட்டாமல் கோடுகளைப் பிரித்துவிட்டால் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். ஆனால் நான்கு பக்க ஒப்புமை போய்விடும். ஒரே ஒரு மடிப்பு மட்டும் எஞ்சும். நான்கு இடைவெளிகளையும் ஒரே விதமாகவே நடத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நான்கிலும் வெட்டுதல், நான்கிலும் பிரித்துப் புள்ளிகளைத் தனித்தனியாக்குதல், நான்கிலும் பிரித்துப் புள்ளிகளை ஒன்றோடொன்று திறந்துவிடுதல் ஆகிய மூன்று வழிகளே உண்டு. முதல் வழியில் இரண்டு கோடுகள், இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் வெளிக்கோடும் உட்கோடுமாக இரண்டு. ஆகவே நான்கு புள்ளிச் சிக்குக் கோலத்தில் ஒற்றைக் கோடும் நான்கு பக்க ஒப்புமையும் சேர்ந்து அமைய வழியே இல்லை. இரண்டையும் எதிர்பார்க்கும் நடுவர் நடக்கவியலாததை எதிர்பார்க்கிறார்.

நடுவே ஒரு புள்ளி இருந்தால் நிலைமை மாறுகிறது. 1, 3, 1 என வைத்த ஐந்து புள்ளிகளில், நடுப்புள்ளிக்கும் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளுக்கும் இடையே கோடுகளை வெட்டவிட்டால் ஒரே கோட்டில் நான்கிதழ் வடிவம் கிடைக்கும். அது மடிப்பிலும் ஒக்கும், சுழற்சியிலும் ஒக்கும். இதிலிருந்து ஒரு விதி புலப்படுகிறது. கோடுகள் வெட்டும் இடங்களைப் புள்ளிகளுக்கு இடையிலான பாலங்களாகக் கொண்டால், பாலங்கள் எல்லாப் புள்ளிகளையும் இணைத்து, எங்கும் வளையமாக மூடாமல் மரக்கிளை போலப் பிரிந்து செல்லும்வரை கோடு ஒன்றாகவே இருக்கும். ஏனெனில் ஒவ்வொரு பாலமும் அதுவரை தனியாக இருந்த இரு சுழிகளை ஒன்றாக்குகிறது. பாலங்கள் வளையமாக மூடினால் கோடுகள் எத்தனை என்பதை வரைந்தே அறிய வேண்டும்.

இவ்விதியை 1, 3, 5, 7, 5, 3, 1 என்னும் 25 புள்ளிக் கோலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். நடுப்புள்ளியை நீக்கினால் எஞ்சுவன 24. நான்கு கிளைகளுக்கும் ஆறாறு புள்ளிகள். நடுவிலிருந்து நான்கு திசையிலும் நேராகச் செல்லும் புள்ளிகளை இணைப்பதில் சிக்கலில்லை. மூலைவாட்டில் நிற்கும் புள்ளியே சிக்கலை உண்டாக்குகிறது. அது தன் இடப்பக்கக் கிளையோடும் சேரலாம், வலப்பக்கக் கிளையோடும் சேரலாம். மடிப்புக்காக இரண்டோடும் சேர்த்தால், நடுப்புள்ளியையும் உட்கொண்டு நான்கு புள்ளி வளையம் ஒன்று மூடிவிடும். வளையமின்றி இணைக்க வேண்டுமானால் அது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். நான்கு மூலைப்புள்ளிகளும் ஒரே சுற்றில் சாயுமாறு இட்டால் சுழற்சி ஒப்புமை காக்கப்படும். மூலைவாட்டு மடிப்பும் நேர்மடிப்பும் இழக்கப்படும். அந்தச் சாய்வை வரைந்தவரின் பிழையாகக் கருதிவிடக் கூடாது. ஒற்றைக் கோட்டைக் காப்பதற்காக அவர் தேர்ந்துகொண்ட ஒழுங்கு அது.

ஆகவே நடுவர் சிக்குக் கோலத்தின் முன் செய்ய வேண்டிய முதற்செயல், அதனை நான்கு பக்கத்திலிருந்தும் சுற்றி வந்து பார்ப்பது. நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே தோற்றம் கிடைத்தால் அதன் சமச்சீர் முழுமையானது. மடிப்பு ஒவ்வாமைக்காக மதிப்பெண் குறைத்தல் தகாது. மூன்று மூலைகள் ஒரு பக்கமும் நான்காவது மறு பக்கமும் சாய்ந்திருந்தால் அதுவே பிழை. ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தொலைவிலுள்ள பகுதி சிறிதாகவும் தோன்றும் என்பதும் சுற்றி வருவதற்கு மற்றொரு காரணம்.

செய்நேர்த்தி: மாவின் இயல்பு

செய்நேர்த்தி என்பது கோட்டின் சீரான பருமன், வளைவின் ஒழுங்கு, புள்ளிகளின் இடைவெளி, தரையின் தூய்மை ஆகியவற்றில் வெளிப்படுவது. இதில் பொருளின் இயல்பை நடுவர் அறிந்திருத்தல் வேண்டும். வெள்ளைக்கல் பொடி மணலைப் போலத் தனித்தனித் துகளாக ஓடக்கூடியது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தடையின்றி வழியும். அரிசிமாவு மென்மையானது, விரலின் ஈரத்திலும் காற்றின் ஈரத்திலும் ஒட்டிக்கொண்டு, சில இடங்களில் கட்டியாக விழும், சில இடங்களில் அற்றுப்போகும். இதனாலேயே அரிசிமாவைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்வதும், அதனோடு கல்மாவைக் கலந்துகொள்வதும் வழக்கம். தூய அரிசிமாவால் மட்டுமே சீரான கோடு இட்டவரும், கல்மாவால் அதே கோட்டை இட்டவரும் ஒரே அளவு திறம் காட்டியவர்கள் ஆகார். போட்டி அறிவிப்பில் பொருள் வரையறுக்கப்படாதபோது இவ்வேறுபாட்டை நடுவர் கேட்டறிய வேண்டும். ஒரு சிட்டிகையை விரலிடையே தேய்த்துப் பார்த்தாலே போதும்: அரிசிமாவு விரலில் ஒட்டும், கல்மாவு நறநறக்கும்.

தரையின் ஈரமும் கணக்கில் வர வேண்டும். நீர் தெளித்த தரை சற்று உலர்ந்து, ஈரம் உள்ளிழுக்கப்பட்ட நிலையில் மாவு நன்கு பற்றும். தேங்கிய ஈரத்தில் விழுந்த மாவு கரைந்து கோட்டின் விளிம்பு பரவும். முற்றும் உலர்ந்த தரையில் மாவு பற்றாமல் காற்றில் நகரும். கோட்டின் விளிம்பு கோலம் முழுவதும் பரவியிருந்தால் அது தரையின் குறை. ஓரிரு இடங்களில் மட்டும் பரவியிருந்தால் அது பெரும்பாலும் திருத்தத்தின் தடம். தவறாக இட்ட கோட்டை விரலால் வழித்துவிட்டு மீண்டும் இட்டவர், ஈரத்தரையில் வெண்படலம் ஒன்றை விட்டுச் செல்வார். சாய்வாகப் பார்த்தால் அப்படலம் தெரியும்.

புள்ளிகளின் பிழையே பின்னர்க் கோட்டின் பிழையாகத் தோன்றுகிறது. புள்ளிகள் கண்மதிப்பில் வைக்கப்படுவதால், ஒரு வரிசையில் ஏற்படும் சிறு நகர்வு அடுத்தடுத்த வரிசைகளில் பெருகும். கோலத்தின் ஓர் ஓரத்தில் வளைவுகள் நெருங்கியும் எதிர் ஓரத்தில் தளர்ந்தும் காணப்பட்டால் காரணம் கையின் நடுக்கமன்று. புள்ளி வரிசையின் சாய்வே. நடுவர் குனிந்து, மூலைவாட்டில் புள்ளிகளின் வரிசையை நோக்கினால் வரிசை எங்கே வளைந்தது எனக் காணலாம்.

இழைக்கோலத்தை மதிப்பிடும் நேரமும் இன்றியமையாதது. ஊறவைத்த அரிசியை நைய அரைத்து நீரில் கரைத்து, சிறு துணியை அதில் தோய்த்து, கைக்குள் பிழிந்து, மோதிரவிரல் வழியே மாநீரை வழியவிட்டு இழைகள் இடப்படுகின்றன. இட்டவுடன் அவை மங்கலாகவே தெரியும். உலர உலரத்தான் வெண்மை ஏறும். உலர்மாக் கோலம் இட்டு முடித்த நொடியில் மிகத் தெளிவாக இருக்கும். பின் காற்றில் மங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில், மணி அடித்தவுடன் பார்க்கும் நடுவர் இழைக்கோலத்துக்கு அநீதி இழைக்கிறார். அதனை இறுதியில் பார்ப்பதே முறை. அப்போதுகூட இணையிழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, திருப்பங்களில் மாநீர் தேங்கியிருக்கிறதா என்பது ஆகிய இரண்டுமே அதன் செய்நேர்த்தியைக் காட்டும் அடையாளங்கள்.

படைப்பாற்றல்: விதிக்குள் விரிதல்

படைப்பாற்றலைப் புதிய உருவம் எனப் பொருள்கொண்டால், உருவக் கோலமே எப்போதும் மிகுந்த மதிப்பெண் பெறும். மரபுக் கோலத்தில் படைப்பு வேறுவகையில் நிகழ்கிறது. அது புள்ளி விதிக்குள் நின்று, தெரிந்த ஒரு கூற்றை விரித்து, திருப்பி, இணைத்துப் புதிய முழுமையை ஆக்குவது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில் கோலங்களை அணி இலக்கணத்தால் விளக்கினர். சிறு கூறுகளை விதிப்படி அடுக்கி, ஒரே குடும்பத்தின் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை ஆக்க முடியும் என்பது அவ்வாய்வின் அடிப்படை. கோலத்தை மொழியாகக் கொண்டு அதன் இலக்கணத்தை எழுதிய அம்முயற்சி நடுவருக்கும் பயன்படும். ஏழு புள்ளிக் கோலத்தைப் பதினொன்றாக விரித்தவர், கூற்றை அப்படியே பெருக்கினாரா, அல்லது விரியும்போது எழும் புதிய மூலைகளுக்குப் புதிய தீர்வு கண்டாரா என்பதைக் காண்பதே படைப்பாற்றலைக் காண்பது.

இதனை அறிய எளிய வழி வரைந்தவரிடம் இரண்டு வினாக்கள் கேட்பது. “இந்தக் கோலத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டிப் போட வேண்டுமானால் எங்கே மாற்றுவீர்கள்?” என்பது ஒன்று, “இதில் நீங்களாக மாற்றிய இடம் எது?” என்பது மற்றொன்று. குறிப்பேட்டிலிருந்து மனப்பாடமாக இட்டவர் முதல் வினாவில் தயங்குவார். அமைப்பை அறிந்தவர் விரலால் இடத்தைக் காட்டுவார். மனப்பாடம் குறையன்று. அது நினைவாற்றல், ஆனால் அதற்குரிய மதிப்பெண் செய்நேர்த்தியில் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது.

உருவக் கோலத்துக்கும் இவ்வினா பொருந்தும். பானை, கரும்பு, கதிரவன் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தல் மட்டும் படைப்பாகாது. அவை தரையின் வடிவத்துக்கும் பார்ப்பவர் வரும் திசைக்கும் ஏற்ப அமைந்துள்ளனவா, வெள்ளைக் கோடே உருவத்தைக் கட்டுகிறதா அல்லது வண்ணம் கட்டிய உருவத்துக்குக் கோடு வெறும் ஓரமாக நிற்கிறதா என்பவற்றைக் காண வேண்டும்.

வண்ணப் பயன்பாடு: வடிவத்தோடு உடன்பாடு

அரிசிமாக் கோலத்தின் பழைய வண்ண இணை வெண்மையும் காவியும் ஆகும். இழைக்கோலத்தைச் சூழக் காவி பூசுவது விழாநாள் வழக்கம். வண்ணப்பொடியால் உட்புறத்தை நிரப்புதல் ரங்கோலியின் செல்வாக்கோடு பெருகிய முறை. வண்ணத்தை எதிர்த்தோ ஆதரித்தோ வாதிடுவது இங்கு நோக்கமன்று. வண்ணம் கோலத்துக்கு என்ன செய்கிறது என்பதே வினா.

வண்ணம் முதலில் சமச்சீரைத் தொடுகிறது. ஆறிதழ்ப் பூவை எடுத்துக்கொள்வோம். இரண்டு வண்ணங்களை மாற்றி மாற்றி இட்டால் ஆறு ஒப்புமை மூன்றாகக் குறையும். ஆயினும் ஒழுங்கு நிற்கும். மூன்று வண்ணங்களை வரிசையாக இருமுறை இட்டால், பாதிவட்டம் திருப்பும்போது பூ தன்னோடு ஒக்கும்; மடிப்பு மட்டும் ஒவ்வாது. நான்கு வண்ணங்களை வரிசையாக இடத் தொடங்கினால் நான்காம் இதழுக்குப் பின் இரண்டு இதழ்களே எஞ்சும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, மீண்டும் சிவப்பு, மஞ்சள் என்று முடியும் அப்பூவில் எந்த மடிப்பும் எந்தச் சுழற்சியும் பொருந்தாது. வடிவம் முழுச் சமச்சீருடன் இருக்க, வண்ணம் அதனை முற்றும் அழித்துவிடுகிறது. எனவே இடுக்குப்புள்ளிப் பூக்கோலத்தில் நடுவர் இதழ்களின் எண்ணையும் வண்ணங்களின் எண்ணையும் எண்ணிப் பார்த்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

அடுத்து, வண்ணம் கோட்டைத் தொடுகிறது. நிரப்பிய பொடி வெள்ளைக் கோட்டின் மேல் ஏறினால் கோடு மெலியும். பலர் நிரப்பிய பின் கோட்டை மீண்டும் ஒருமுறை இடுவர். அவ்வாறு இட்ட கோடு வண்ணத்தின் மேல் மேடாக நிற்கும். முதற்கோடு தரையோடு படிந்திருக்கும். இரண்டும் ஒரே தடத்தில் செல்கின்றனவா என்பதைக் கொண்டு கையின் திறத்தை அறியலாம்.

வண்ணமே இடாத கோலத்தை என்செய்வது? போட்டி அறிவிப்பு வண்ணம் கட்டாயம் என்று கூறியிருந்தால் வெண்கோலம் அம்மதிப்பெண்ணை இழப்பதே நேர்மை. விதியை அறிந்தே அதனை இட்டிருப்பார். அறிவிப்பு அவ்வாறு கூறாதபோது, ‘வண்ணப் பயன்பாடு’ என்பதை வெண்மைக்கும் தரைநிறத்துக்கும் உள்ள உறவாகப் பொருள்கொள்ள இடமுண்டு. சாணம் மெழுகிய தரையின் கரும்பசுமையில் வெண்கோடு தெளிவாக எழுகிறதா, காவி இட்டிருந்தால் அது கோட்டை எடுத்துக்காட்டுகிறதா, கோட்டுக்குள் விடப்பட்ட வெற்றிடங்கள் சமமாக உள்ளனவா என்பன அப்போது அளவுகளாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றை ஒன்றுசேர்த்துக் காட்ட மூன்று கோலங்களை விளக்கத்துக்காக அமைத்துக்கொள்வோம். வண்ணம் கட்டாயம் என அறிவிப்பில் இல்லை. முதலாவது, மேலே விளக்கிய 25 புள்ளிச் சிக்குக் கோலம். தூய அரிசிமாவில் வெண்மையாக, ஒற்றைக் கோட்டில் இடப்பட்டது. இரண்டாவது, 15 புள்ளி 8 வரை இடுக்கில் அமைந்த ஆறிதழ்த் தாமரை. நான்கு வண்ணங்களால் நிரப்பப்பட்டது. மூன்றாவது, கரும்பு இருபுறம் நிற்கும் பொங்கற்பானை உருவம்.

வழக்கமான முறையில் ஒரு நடுவர் முதற்கோலத்துக்குச் சமச்சீரில் 15, படைப்பாற்றலில் 12, செய்நேர்த்தியில் 22, வண்ணத்தில் 5 என 54 இடக்கூடும். மடிப்பு ஒவ்வாதது, புதிய உருவம் இல்லாதது, வண்ணம் இல்லாதது ஆகியவை அவருடைய காரணங்கள். தாமரைக்கு 23, 14, 19, 21 என 77. பானைக்கு 22, 21, 17, 22 என 82. பானை முதலிடம் பெறும்.

இக்கட்டுரை கூறும் முறையில் மீண்டும் பார்ப்போம். முதற்கோலம் நான்கு பக்கத்திலிருந்தும் ஒன்றாகத் தோன்றுகிறது. ஒரு மூலையின் வளைவு மட்டும் சற்றுப் பெரிது. ஆகவே சமச்சீரில் 23. மூலைப்புள்ளிகளைச் சாய்த்து ஒற்றைக் கோட்டைக் காத்ததை வரைந்தவரே விளக்குகிறார், படைப்பாற்றலில் 20. செய்நேர்த்தி மாறாமல் 22. காவி இடவில்லை, ஆயினும் வெற்றிடங்கள் சமமாக உள்ளன, வண்ணத்தில் 16. மொத்தம் 81. தாமரையின் வடிவம் சரியானது. ஆனால் வண்ண வரிசை அதன் சமச்சீரைக் குலைத்துள்ளது. ஒரு பிழைக்கு இரு இடங்களில் மதிப்பெண் குறைத்தல் முறையன்று; வடிவத்துக்குச் சமச்சீரில் 23 நிற்கும், வண்ணத்தில் மட்டும் 14 ஆகும். படைப்பாற்றல் 14, செய்நேர்த்தி 19, மொத்தம் 70. பானையில் மடிப்பு பொருந்துகிறது, சமச்சீரில் 22. உருவங்கள் பழகியவை, ஆயினும் அமைப்பு நன்று, படைப்பாற்றலில் 18. செய்நேர்த்தி 17, வண்ணம் 21, மொத்தம் 78. இப்போது சிக்குக் கோலம் முதலிடம் பெறுகிறது.

முடிவு தலைகீழானது நடுவரின் விருப்பத்தால் அன்று. செய்நேர்த்தி மதிப்பெண்கள் மூன்றிலும் மாறவே இல்லை. எந்தக் கோலத்தை எந்த இலக்கணத்தால் அளப்பது என்பது மட்டுமே மாறியது. முதலிரு இடங்களுக்கிடையே மூன்று மதிப்பெண்ணே வேறுபாடு என்பதையும் கருத வேண்டும். வேறொரு நடுவர் இதே முறையைப் பின்பற்றிப் பானைக்கு முதலிடம் தரலாம்; அது ஏற்கத்தக்க கருத்து வேறுபாடு. 54க்கும் 82க்கும் இடையிலான வேறுபாட்டை அவ்வாறு கொள்ள இயலாது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வரைந்தவரிடம் வினவுதல் பத்துப் பதினைந்து கோலங்களுக்கே இயலும். நூறு பேர் வரையும் தெருவில் அதற்கு நேரம் இராது. அத்தகைய இடங்களில் சிக்குக் கோலம், புள்ளிப் பூக்கோலம், இழைக்கோலம், உருவக் கோலம் எனப் பிரிவுகளாகப் போட்டியைப் பகுப்பதே தக்கது. ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு அளவுகோல்களும் தொடரலாம்; அவற்றின் பொருள் மட்டும் பிரிவுக்கேற்ப எழுதப்பட வேண்டும்.

தொகுப்புரை

சிக்குக் கோலத்தின் சமச்சீர் மடிப்பால் மட்டுமன்றிச் சுழற்சியாலும் காணத்தக்கது. ஒற்றைக் கோட்டைக் காக்கும் முயற்சியில் மடிப்பு இழக்கப்படுவது அதன் அமைப்பின் விளைவு.

செய்நேர்த்தியை மதிப்பிடும்போது மாவின் இயல்பு, தரையின் ஈரம், பார்க்கும் நேரம் ஆகிய மூன்றும் கருதப்பட வேண்டும். இழைக்கோலத்தை உலர்ந்த பின்னரே மதிப்பிட வேண்டும்.

படைப்பாற்றல் புதிய உருவத்தில் மட்டும் இல்லை. புள்ளி விதிக்குள் நிகழும் விரிவிலும் தீர்விலும் உள்ளது.

வண்ணங்களின் எண் வடிவத்தின் ஒப்புமையோடு உடன்பட வேண்டும். வண்ணம் கட்டாயம் என அறிவிக்கப்படாத போட்டியில் வெண்கோலம் வண்ணமற்றது என ஒதுக்கப்படுதல் தகாது. அவ்வாறு ஒதுக்கப்படும் ஒவ்வொரு முறையும், மூலைப்புள்ளியை எப்பக்கம் சாய்ப்பது என்று அறிந்த ஒரு கை, அடுத்த ஆண்டு அதனை இடாமல் விட்டுவிடக் கூடும்.